ஒற்றைச் சேய்ச் சங்கிலியும் தமிழ்ச் சொற்பட்டியலும்

தரவுக் கட்டமைப்புகள் பாடத்தில் சுருக்கப்பட்ட முன்னொட்டு மரத்துக்குப் பெரும்பாலும் ஒரே ஒரு வாக்கியம்தான் கிடைக்கிறது: பல சொற்கள் நீண்ட தொடக்கத்தைப் பகிரும்போது இது நினைவகத்தை மிச்சப்படுத்துகிறது. வாக்கியம் பொய்யன்று. ஆனால் காரணத்தை இடம் மாற்றி வைக்கிறது. தொடக்கத்தைப் பகிர்வது சாதாரண முன்னொட்டு மரமே செய்கிற வேலை. பத்துச் சொற்கள் ஒரே தொடக்கத்தைக் கொண்டிருந்தால் அங்கும் அத்தொடக்கம் ஒருமுறைதான் இருக்கும். சுருக்கப்பட்ட மரம் கூடுதலாகச் செய்வது வேறு: கிளை பிரியாமல் நீளும் வழியை, அதாவது ஒவ்வொரு கணுவுக்கும் ஒரே ஒரு சேய் மட்டுமே உள்ள சங்கிலியை, ஒற்றைக் கணுவாக மடக்குகிறது. அந்தச் சங்கிலி சொற்களின் பொதுத் தொடக்கத்திலும் இருக்கலாம். பிற சொற்களிலிருந்து பிரிந்து தனித்து ஓடும் கடைப்பகுதியிலும் இருக்கலாம். பெரிய சொற்பட்டியல்களில் மிச்சத்தின் பெரும்பங்கு பெரும்பாலும் இந்தக் கடைப்பகுதியிலிருந்தே வருகிறது. இந்த வேறுபாடு தெளியாத மாணவருக்கு, இந்திய மொழிச் சொற்களை வைத்து இதே மரத்தைக் கட்டும்போது நடப்பது எதுவும் விளங்காது.

வரலாறு சுருக்கமானது. முன்னொட்டு மரத்துக்கு 'ட்ரை' என்ற பெயரை எட்வர்ட் ஃபிரெட்கின் 1960இல் இட்டார். சங்கிலிகளைத் தாண்டிச் செல்லும் வடிவத்தை டொனால்ட் மாரிசன் 1968இல் 'பாட்ரிசியா' என்ற பெயரில் வெளியிட்டார். மாரிசனின் மரம் பிட்களின் மீது இயங்குவது. கணுவில் எழுத்துத் தொடரை வைப்பதில்லை, எத்தனை பிட்களைத் தாண்ட வேண்டும் என்பதை மட்டும் குறித்துக்கொள்கிறது. எனவே தேடல் கண்ணை மூடிக்கொண்டு இறங்குகிறது. கடைசியில் அடைந்த சொல்லை ஒருமுறை முழுமையாக ஒப்பிட்ட பிறகே 'உண்டு' என்று சொல்ல முடியும். இன்று 'ரேடிக்ஸ் மரம்' என்று வகுப்பில் வரையப்படுவது பெரும்பாலும் கணுவிலேயே எழுத்துத் தொடரை வைத்திருக்கும் வடிவம். இங்கே பேசப்படுவதும் அதுவே.

ஆறு சொற்களை எடுத்துக்கொண்டால் போதும்: படி, படித்தான், படித்தாள், படித்தார், படிக்கிறான், படிக்கிறாள். ஒருங்குறியில் 'படி' என்பது மூன்று குறியெண்கள்: ப, ட, இகரக் குறி. 'படித்தான்' ஒன்பது, 'படிக்கிறான்' பதினொன்று. ஆறு சொற்களிலும் சேர்த்து 52 குறியெண்கள். ஒரு குறியெண்ணுக்கு ஒரு கணு என்று சாதாரண முன்னொட்டு மரம் கட்டினால், வேரையும் சேர்த்து 24 கணுக்கள் வரும். தொடக்கங்களைப் பகிர்ந்ததாலேயே 52 என்பது 23 ஆகிவிட்டது. வேர் ஒன்று கூடுதல். இதுவரை சுருக்கம் எதுவும் நடக்கவில்லை. இப்போது ஒற்றைச் சேய்ச் சங்கிலிகளை மடக்கினால் கிடைப்பது இது. சொல் முடியும் கணுவுக்கு உடுக்குறி இடப்பட்டுள்ளது.

```
(வேர்)
└─ படி *
   ├─ த்தா
   │  ├─ ன் *
   │  ├─ ள் *
   │  └─ ர் *
   └─ க்கிறா
      ├─ ன் *
      └─ ள் *
```

வேரோடு ஒன்பது கணுக்கள். 24 என்பது 9 ஆனது. ஆனால் கணுக்களில் உள்ள தொடர்களின் நீளத்தைக் கூட்டிப் பார்த்தால் 3, 4, 6 என்று தொடங்கி, இரண்டிரண்டாக ஐந்து சேர்ந்து, மீண்டும் 23. ஓர் எழுத்துகூட மிச்சமாகவில்லை. மிச்சமானது எழுத்தன்று, கணு. அதாவது ஒவ்வொரு கணுவும் சுமக்கும் சுட்டிகளும் அவற்றைச் சுற்றிய செலவும். தேர்வுத்தாளில் இந்த ஒரு கூட்டலைக் கேட்டாலே, பாடம் புரிந்ததா என்பது தெரிந்துவிடும்.

'படி' என்ற கணு ஏன் தனியே நிற்கிறது என்பதையும் கவனிக்க வேண்டும். அதற்கு இரண்டு சேய்கள் இருப்பதால் எப்படியும் நிற்கும். ஆனால் ஒரே சேய் இருந்தாலும் அது சொல்லாக இருக்கும்வரை மடங்கக் கூடாது. சங்கிலியை மடக்கும் விதிக்கு இரண்டு பாதிகள் உண்டு: சேய் ஒன்றே, சொல்முடிவும் இல்லை. இரண்டாம் பாதியை மறந்த நிரல் 'படித்தான்' என்பதைக் கண்டுபிடிக்கும், 'படி' அகராதியில் இல்லை என்று சொல்லும்.

இனி இதே ஆறு சொற்களைக் கணினி உண்மையில் சேமிக்கும் வடிவில் பார்க்கலாம். யூடிஎஃப்-8இல் ஒவ்வொரு தமிழ்க் குறியெண்ணும் மூன்று பைட்டுகள். முதல் பைட் எப்போதும் `E0`. இரண்டாவது `AE` அல்லது `AF`, வேறில்லை. வேறுபாட்டின் பெரும்பகுதி மூன்றாவதில்தான் இருக்கிறது. ப என்பது `E0 AE AA`, ட என்பது `E0 AE 9F`, த என்பது `E0 AE A4`, க என்பது `E0 AE 95`. இது தமிழுக்கு மட்டுமான தலைவிதியன்று. தேவநாகரிக்கு `E0 A4`, `E0 A5`. வங்க எழுத்துக்கு `E0 A6`, `E0 A7`. தெலுங்குக்கு `E0 B0`, `E0 B1`. கன்னடத்துக்கு `E0 B2`, `E0 B3`. மலையாளத்துக்கு `E0 B4`, `E0 B5`. ஒவ்வோர் எழுத்துமுறைக்கும் ஒதுக்கப்பட்ட 128 இடங்கள் 64, 64 என்று இரண்டாகப் பிளந்து கிடக்கின்றன. ஆங்கிலச் சொல்லில் ஒவ்வொரு பைட்டும் ஒரு செய்தி. இந்திய மொழிச் சொல்லில் மூன்றில் இரண்டு பைட்டுகள் ஏறக்குறைய எதையும் சொல்வதில்லை.

எனவே பைட்டுக்கு ஒரு கணு என்று சாதாரண மரம் கட்டினால் அதே ஆறு சொற்களுக்கு வேரோடு 62 கணுக்கள் தேவை. சங்கிலியை மடக்கியபின் 10. மறுபுறம், தமிழ் எழுத்தையே அலகாகக் கொண்டு ப, டி, த், தா, ன் என்று பிரித்தால் சாதாரண மரத்தில் 13, மடக்கியபின் 9. மூன்றையும் அருகருகே வைத்தால் செய்தி தானாகத் தெரிகிறது: மடக்குவதற்கு முன் 13, 24, 62, மடக்கிய பின் 9, 9, 10. அலகு எதுவாயினும் மடக்கிய மரம் ஏறக்குறைய ஒரே அளவில் நிற்கிறது.

காரணம் எளிது. மடக்கிய மரத்தில் வேரைத் தவிர்த்த எந்தக் கணுவும் இரண்டில் ஒன்றாக இருந்தாக வேண்டும்: அங்கே ஒரு சொல் முடிய வேண்டும், அல்லது அங்கே வழி பிரிய வேண்டும். சொற்கள் `n` என்றால் சொல் முடியும் கணுக்கள் `n`-ஐத் தாண்டா. இலைகளைவிடப் பிரியும் கணுக்கள் குறைந்தது ஒன்றாவது குறைவாகவே இருக்கும். ஆக வேரைச் சேர்த்தாலும் மொத்தம் `2n`-ஐத் தாண்டாது. அந்த வரம்பில் சொல்லின் நீளமும் இல்லை, எழுத்துக்கு எத்தனை பைட் என்பதும் இல்லை. சாதாரண மரத்தின் அளவை மொழியும் குறிமுறையும் நிர்ணயிக்கின்றன. மடக்கிய மரத்தின் கணு எண்ணிக்கையை நிர்ணயிப்பது சொற்களின் எண்ணிக்கை மட்டுமே. மும்மடங்கு பைட்டும், விகுதி மேல் விகுதி ஏறிய நீளமும் கொண்ட மொழிகளுக்கு இந்தக் கட்டமைப்பு கூடுதல் வசதி அன்று, அடிப்படைத் தேவை. அப்படியிருக்க இது பாடநூலில் ஆங்கிலத்தின் நான்கெழுத்துச் சொற்களைக் கொண்டே விளக்கப்படுவது விந்தை. அங்கே 20 கணு 11 ஆவதைப் பார்க்கும் மாணவர், இதற்கா இவ்வளவு சிரமம் என்று கடந்துபோவதில் வியப்பில்லை.

பைட் வடிவில் கூடுதலாக வந்த அந்த ஒரு கணுவை உற்றுப் பார்ப்பது பயனுள்ளது. 'படி'க்குப் பின் தகரமும் ககரமும் பிரிகின்றன. ஆனால் இரண்டுக்கும் முதல் இரு பைட்டுகள் பொது. ஆகவே `E0 AE` என்ற இரண்டு பைட்டுகளைக் கொண்ட கணு ஒன்று நடுவில் தோன்றுகிறது. அதன் கீழே `A4` என்றும் `95` என்றும் வழி பிரிகிறது. அதாவது மரம் எழுத்தின் நடுவில் வெட்டுகிறது. தேடலுக்கு இதனால் கேடில்லை; பைட்டுகளை ஒப்பிடும் தேடல் எழுத்து எல்லையை அறியத் தேவையில்லை. கேடு, ஒரு கணுவின் தொடரை மனிதருக்குக் காட்ட முயலும்போது வருகிறது. தட்டச்சு செய்பவருக்குப் பொதுத் தொடக்கத்தை முன்னறிவிக்க விரும்பும் நிரல், வேரிலிருந்து கணுவரை உள்ள பைட்டுகளை அப்படியே திரைக்கு அனுப்பினால் 'படி' என்பதற்குப் பின் `�` என்ற குறி தோன்றும். பலர் இதை எழுத்துரு கோளாறு என்று எண்ணி வேறிடத்தில் தேடுவர். பரிகாரம் சிறியது: காட்டுவதற்கு முன் முழுமையடையாத கடைசிப் பைட்டுகளை வெட்டிவிட வேண்டும். மரத்தை மாற்றத் தேவையில்லை.

இன்னொரு சிறு விநோதம். இகரக் குறி `E0 AE BF`. அதை அடுத்த ஈகாரக் குறி `E0 AF 80`. 64இன் எல்லை சரியாக இவ்விரண்டுக்கும் நடுவே விழுகிறது. ஆகாரக் குறியும் இகரக் குறியும் மூன்றாம் பைட்டில் பிரியும். இகரமும் ஈகாரமும் இரண்டாம் பைட்டிலேயே பிரிந்துவிடும். குறிலும் நெடிலும் மரத்தில் அருகருகே இருக்கும் என்று நம்பி 'ஒத்த ஒலிச் சொல்' தேடலை எழுதுவோர் இதை அறிந்திருப்பது நல்லது.

நினைவகக் கணக்குக்கு வருவோம். கணு எண்ணிக்கை குறைந்ததாலேயே பைட் குறைந்துவிடாது; கணுவை எப்படி எழுதுகிறோம் என்பதைப் பொறுத்தது. 64 பிட் கணினியில் முதல் சேய், அடுத்த உடன்பிறப்பு என்று இரண்டு சுட்டிகள் 16 பைட். சாதாரண மரத்தில் அதனோடு ஒரு பைட் எழுத்து, ஒரு முடிவுக்குறி. சீரமைப்புக்குப் பின் 24. ஆக 62 கணுக்களுக்கு 1,488 பைட். மடக்கிய மரத்தில் தொடரை நகலெடுக்காமல், சொற்பட்டியல் ஏற்கெனவே இருக்கும் நீண்ட பைட் வரிசையில் எங்கே தொடங்குகிறது, எவ்வளவு நீளம் என்பதை மட்டும் வைத்தால் கணு அதே 24 பைட்டில் அடங்கும். பத்துக் கணுக்கள் 240, சொற்களின் மூலவரிசை 156, மொத்தம் 396.

இதையே ஒவ்வொரு கணுவிலும் ஒரு சி++ சரமாக எழுதினால் என்ன ஆகும்? பரவலாகப் பயன்படும் குனூ நூலகத்தில் `std::string` தானே 32 பைட். கணு 56 ஆகிறது. பத்துக்கு 560. அந்தச் சரத்தின் உள்ளே 15 பைட்வரைதான் இடம், அதாவது ஐந்து தமிழ்க் குறியெண்கள். ககரத்தின் கடைசிப் பைட்டில் தொடங்கி ஓடும் 'க்கிறா'க் கணுவின் தொடர் 18 பைட். அது வெளியே தனி ஒதுக்கீடு கேட்கும். ஆங்கிலச் சொற்களில் 15 எழுத்துக்கு மேல் நீளும் தொடர் அரிது, தமிழில் அன்றாடம். ஆங்கிலத்தில் அளந்து 'நன்றாக இருக்கிறது' என்று முடிவு கட்டிய நிரல் தமிழில் சிறு ஒதுக்கீடுகளால் நிரம்பி வழிவது இதனாலேயே. இதைவிட மோசமான வழி ஒன்று உண்டு: ஒவ்வொரு கணுவிலும் 256 சேய்களுக்கான அணியை வைப்பது. ஒரு கணு 2,048 பைட். பத்துக் கணுக்களுக்கு 20,480. சொற்களோ 156 பைட். சங்கிலியை மடக்குவது மரத்தின் ஆழத்தை மட்டுமே குறைக்கிறது. அகலத்தின் வீணைக் குறைக்காது. அகலத்துக்கான விடையாக 4, 16, 48, 256 சேய்கள் என்று நான்கு அளவுக் கணுக்களை வைத்துத் தேவைக்கேற்ப மாறும் மரத்தை லைஸ், கெம்பர், நாய்மன் ஆகியோர் 2013இல் முன்வைத்தனர். இந்திய எழுத்துகளில் `E0`-வுக்குப் பின் அதிகபட்சம் இரண்டு சேய்கள்தாம் என்பதால் நான்கு இடக் கணு அங்கே மிகப் பொருந்துகிறது.

சொல் சேர்ப்பதும் நீக்குவதும் இந்தக் கட்டமைப்பின் கடினமான பகுதி. 'படித்தது' என்ற சொல்லைச் சேர்ப்போம். குறியெண் மரத்தில் 'படி' கடந்து 'த்தா' கணுவுக்கு வருகிறோம். அதன் முதல் மூன்று குறியெண்கள் ஒத்துப்போகின்றன: த், த. நான்காவது ஆகாரக் குறி. வரும் சொல்லிலோ தகரம். எனவே கணு 'த்த' என்று குறுகுகிறது. ஆகாரக் குறி மட்டும் உள்ள புதிய கணு அதன் கீழ் வந்து, ன், ள், ர் என்ற மூன்று சேய்களையும் எடுத்துக்கொள்கிறது. 'து' என்பது இன்னொரு சேய். ஒரு சொல் சேர்ந்ததில் இரண்டு கணு கூடி மொத்தம் 11. பிள்ளைகளை யார் கையில் ஒப்படைப்பது என்பதில்தான் மாணவர் நிரல்கள் தடுமாறுகின்றன: பழைய மூன்று சேய்களைப் புதிய கணுவுக்கு மாற்றாமல் 'த்த'விலேயே விட்டுவிட்டால், மரம் 'படித்தன்' என்ற இல்லாத சொல்லை ஏற்கும், 'படித்தான்' என்பதை மறுக்கும்.

நீக்கும்போது பிழை அமைதியாக நடக்கும். 'படித்தது' என்பதை எடுத்துவிட்டால் 'த்த'வுக்கு ஒரே சேய். அது சொல்முடிவும் அன்று. மீண்டும் 'த்தா' என்று ஒட்ட வேண்டும். ஒட்டாவிட்டாலும் எல்லாத் தேடலும் சரியான விடையே தரும். சோதனைகள் அனைத்தும் தேறும். சேர்ப்பதும் நீக்குவதுமாக ஓடும் மரம் மட்டும் நாளடைவில் சங்கிலிகளால் நிரம்பி, மடக்காத மரமாகவே மாறும். விடையைச் சோதிப்பது போதாது, வடிவத்தையும் சோதிக்க வேண்டும். அதற்கு ஐந்து வரிகள் போதும்.

```
def check(node, root=True):
    if not root and not node.end and len(node.kids) == 1:
        raise AssertionError(node.label)
    for k in node.kids.values():
        check(k, False)
```

மொழியியலோடு தொடர்புடைய துறைகளில் ஒரு மயக்கம் எளிதில் ஏற்படுகிறது: மடக்கிய மரம் தானாகவே பகுதியையும் விகுதியையும் பிரித்துக் காட்டுகிறது என்ற எண்ணம். மேலே உள்ள படத்தில் 'படி' தனிக் கணுவாக நிற்பதைப் பார்த்தால் அப்படித் தோன்றுவது இயல்பே. ஆனால் அடுத்த கணுவைப் பார்க்க வேண்டும். இலக்கண மரபில் 'படித்தான்' என்பது படி, த், த், ஆன் என்று பிரியும், விகுதி 'ஆன்'. மரமோ 'த்தா' என்றும் 'ன்' என்றும் வெட்டியிருக்கிறது. ஆன், ஆள், ஆர் மூன்றும் ஆகாரத்தைப் பகிர்வதால் அந்த ஆகாரம் விகுதியிலிருந்து பிடுங்கப்பட்டு இடைநிலையோடு ஒட்டிக்கொண்டது. பட்டியலில் 'படம்' என்ற ஒரே பெயர்ச்சொல்லைச் சேர்த்தால் போதும். 'படி' என்ற தொடரும் பட, இகரக் குறி என்று உடையும். 'படி'யையும் நிகழ்கால வடிவங்களையும் நீக்கினால் 'படித்தா' ஒரே கணுவாகிவிடும். எழுத்தை அலகாக்கினாலும் தீர்வில்லை: அப்போது 'படித்தது' சேரும்போது வெட்டு 'த்' என்ற முதல் ஒற்றுக்குப் பின்னேயே விழும், ஏனெனில் 'தா'வும் 'த'வும் வெவ்வேறு எழுத்துகள். மரம் வெட்டும் இடம் அந்தப் பட்டியலில் அன்று இருக்கும் சொற்களின் தற்செயல். அதை உருபன் பகுப்பாய்வு என்று ஆய்வேட்டில் எழுதுவது, அகராதியின் பக்க எண்ணைச் சொற்பிறப்பு என்று எழுதுவதற்கு ஒப்பாகும்.

பட்டியலின் தூய்மையும் மரத்தின் அளவைத் தொடுகிறது. 'கொடு' என்பதை ஒகரக் குறியை ஒரே குறியெண்ணாக வைத்து நான்கு குறியெண்களில் எழுதலாம். எகரக் குறி, ஆகாரக் குறி என்று இரண்டாக வைத்து ஐந்திலும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. ஒருங்குறித் தரமும் இவற்றை ஒன்றாகவே கருதச் சொல்கிறது. மரத்துக்கு இவை இரு வேறு வழிகள். ககரத்துக்குப் பின்னேயே பிரிந்து, 'கொடு'வின் கீழ் வர வேண்டிய அத்தனை வடிவங்களும் இரண்டு புதர்களாக வளரும். பல மூலங்களிலிருந்து திரட்டிய பட்டியலில் ஒகரம், ஓகாரம், ஔகாரம் மூன்றும் இந்த ஐயத்துக்கு உரியவை. கண்டுபிடிக்கும் வழி எளிது: எகர, ஏகாரக் குறிகளை அடுத்து ஆகாரக் குறி வரும் பாதை மரத்தில் எங்காவது இருந்தால் பட்டியல் இயல்பாக்கப்படவில்லை. மரத்தில் இடும் முன் எல்லாச் சொற்களையும் என்எஃப்சி வடிவுக்கு மாற்றுவது ஒருவரி வேலை. தேட வரும் சொல்லையும் அவ்வாறே மாற்ற வேண்டும் என்பதுதான் அடிக்கடி விடுபடுகிறது.

கடைசியாக, இந்த மரத்தால் முடியாதது. படத்தில் 'ன்', 'ள்' இரண்டும் இரண்டு இடங்களில் இருக்கின்றன. 'படிக்கிறார்' என்பதையும் சேர்த்தால் 'த்தா'வின் கீழும் 'க்கிறா'வின் கீழும் ன், ள், ர் என்ற மூன்று சேய்கள் அச்சுப் பிசகாமல் ஒன்றுபோலவே நிற்கும். ஆயிரம் வினைகளுக்கு இவை ஆயிரக்கணக்கான நகல்கள். ஒட்டுநிலை மொழியின் சுமை சொல்லின் தொடக்கத்தில் மட்டுமன்று, முடிவிலும் இருக்கிறது. முன்னொட்டு மரம் முடிவுகளைப் பகிராது. அவற்றையும் பகிர வேண்டுமானால் சுழற்சியற்ற சிறும தானியங்கிக்குப் போக வேண்டும். அகரவரிசைப்படுத்திய பட்டியலிலிருந்து அதை நேரடியாகக் கட்டும் முறையை டட்சுக், மிகோவ், இரு வாட்சன்கள் ஆகியோர் 2000இல் விளக்கினர். சொல் இருக்கிறதா இல்லையா என்று மட்டும் கேட்கும் எழுத்துப்பிழை திருத்திக்கு அதுவே உகந்தது. ஆனால் அங்கே சொற்கள் முடிவு நிலையைப் பகிர்கின்றன. 'படித்தான்' என்பதற்கு உரிய பொருளையோ வருகை எண்ணிக்கையையோ அந்த நிலையில் நேரடியாக எழுதி வைக்க இடமில்லை, வழியில் சொற்களை எண்ணி வரிசை எண் காணும் கூடுதல் ஏற்பாடு வேண்டும். மேலும் சிறுமமாக்கிய தானியங்கியில் புதிய சொல்லைச் சேர்க்கும்போது பகிரப்பட்ட நிலைகளை முதலில் நகலெடுத்துப் பிரிக்க வேண்டியிருக்கும். மடக்கிய முன்னொட்டு மரத்தில் ஒவ்வொரு சொல்லுக்கும் தனக்கென ஒரு கணு இருக்கிறது. அதில் வேண்டியதை எழுதலாம், சொல்லை எப்போது வேண்டுமானாலும் சேர்க்கலாம். ஆகவே மாறாத சொற்பட்டியலுக்குத் தானியங்கியும், நாளும் வளரும் தரவு இணைந்த பட்டியலுக்கு மடக்கிய மரமும் என்று பிரிப்பதே நியாயம். பாடத்திட்டத்தில் இவ்விரண்டையும் ஒரே வாரத்தில், ஒரே தமிழ் அல்லது கன்னட வினைச்சொல் பட்டியலைக் கொண்டு, கணுக்களை எண்ணச் சொல்லி நடத்த ஒரு பிற்பகல் ஆய்வக வகுப்பு போதுமானது.